வருகைப் பதிவேட்டில் இல்லாத ஒரு கட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாடகை வீடு, ரயில் டிக்கெட், சாப்பாடு என்று அவர்கள் படும் பாட்டை நன்றாகவே எழுதியிருந்தீர்கள். அதில் பேசிய அஸ்ஸாம் இளைஞரின் குடும்பப் பெயரைச் 'சைகியா' என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்தப் பெயரை அவர் தன் வாயால் எப்படிச் சொல்வார் என்று யோசித்து, அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் தொடங்கும்போது பெயர் கூப்பிடுவது, யார் எந்த லைனுக்கு என்று மைக்கில் சொல்வது எல்லாம் எங்கள் வேலை. தமிழர், தெலுங்கர், வங்காளிகள், ஒடியாக்காரர்கள், அஸ்ஸாம்காரர்கள், பீகாரிலிருந்து வந்தவர்கள் என்று பல பேர். எல்லாருடைய பெயரும் ஆதார் அட்டையில் உள்ளபடி ஆங்கிலப் பெரிய எழுத்தில் பதிவேட்டில் இருக்கும். அதைப் பார்த்து நாங்கள் வாசிப்போம்.

ஒரு நாள் மதியம் கேட்டில் இருக்கும் போனுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஓர் அழைப்பு. தன் தம்பியோடு உடனே பேச வேண்டும், அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்று உடைந்த இந்தியில் ஒருவர் சொல்கிறார். தம்பி பெயர் 'ஷுப்ரொத்தொ'. செக்யூரிட்டி அண்ணன் பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லைதான். எங்கள் ஆலையில் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் தம்பியை நேராகப் பிடிக்கவும் வழியில்லை. மூன்றாம் முறை அழைத்தபோது ஷுப்ரொத்தொவின் அண்ணன் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்ன பிறகுதான் புரிந்தது, அது பதிவேட்டில் `SUBRATA` என்று இருப்பவர். அதற்குள் இருபது நிமிடம் போயிருந்தது. எட்டு மாதமாக அவரை மைக்கில் 'சுப்ரட்டா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது நான்தான். ஒரு நாள்கூட அவர் திருத்தவில்லை. கையைத் தூக்கிவிட்டுப் போய்விடுவார்.

ஏன் இப்படி ஆகிறது என்று அப்புறம்தான் யோசித்தேன். நம்மூரில் லதா என்பதை `LATHA` என்று எழுதுகிறோம். `TH` என்றால் நமக்குத் த, வெறும் `T` என்றால் ட. வடக்கே அதே பெயர் `LATA`. ஆகவே அவர்கள் எழுத்தை நம் பழக்கத்தில் வாசித்தால் த எல்லாம் ட ஆகிவிடும். அது ஒன்று. இன்னொன்று, வங்காளத்தில் அகரத்தைப் பெரும்பாலும் ஒகரம் போல ஒலிப்பார்கள், ஸகரத்தை ஷகரமாக ஒலிப்பார்கள். வங்க எழுத்தில் அவர் பெயரை எழுதினாலும் முதலில் இருப்பது ஸு தான், வாயில் வருவது ஷு. எந்த எழுத்தைப் பார்த்தாலும் ஒலி தெரியாது, சொந்தக்காரர் வாயைத்தான் கேட்க வேண்டும். சரி, வங்காளிக்கு ஒரு விதி, ஒடியாவுக்கு ஒரு விதி என்று மனப்பாடம் செய்துகொள்ளலாமே என்றும் நினைத்துப் பார்த்தேன். அதுவும் உதவாது. இதே எழுத்துகளோடு ஓர் ஒடியாக்காரர் வந்தால் அவருக்கு முதலெழுத்து ஸு தான். அஸ்ஸாமிலோ ஸ என்று எழுதுவது தொண்டையிலிருந்து வரும் கரகரப்பான ஹகரம் போல ஒலிக்கும். எங்களிடம் உள்ள ஒரு சைகியா தன் பெயரைச் சொன்னபோது என் காதில் 'ஹொய்கியா' என்றுதான் விழுந்தது. ஆனால் அந்தப் பெயரில் எல்லாரும் வெளியாட்களிடம் அப்படித்தான் சொல்லச் சொல்வார்கள் என்று நான் முடிவுகட்ட முடியாது.

வழி காட்டியவர் எங்கள் ஜப்பானிய மேலாளர். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, வாசிப்பு எழுதும் கட்டம் எங்கே என்று கேட்டார். அவர்கள் ஊரில் எந்தப் படிவத்திலும் பெயருக்கு மேல் ஒரு சின்னக் கட்டம் இருக்குமாம். ஃபுரிகானா என்பார்கள். ஒரே சித்திர எழுத்துகளை ஒருவர் நாகஜிமா என்பார், இன்னொருவர் நாகஷிமா என்பார், அதனால் பெயரின் ஒலியை அதில் தனியாக எழுதிவிட வேண்டும். 2025 மே 26 முதல் அங்கே குடும்பப் பதிவேட்டிலேயே பெயரின் ஒலியைச் சேர்க்கச் சட்டம் வந்துவிட்டது. அந்தக் கட்டம்தான் நம் பதிவேட்டில் இல்லை.

கட்டம் போடுவது எளிது, நிரப்புவதில்தான் தடுமாறினோம். முதலில் நான் செய்த தப்பு, லைனில் பத்துப் பேர் பார்க்க, 'உங்க பேரை நான் சரியாச் சொல்றேனா?' என்று கேட்டது. எல்லாரும் 'டீக் ஹை மேடம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேலே இருப்பவர் இப்படிக் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? அடுத்து, தனியாகக் கூப்பிட்டு, 'வீட்ல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?' என்று கேட்டேன். அதுவும் பலிக்கவில்லை. வங்காளிகளுக்கு வீட்டில் கூப்பிட ஒரு செல்லப் பெயர், வெளியில் வழங்க ஒரு பெயர் என்று இரண்டு உண்டு. டாக்நாம், பாலோநாம் என்பார்கள். நான் கேட்டதும் ஒருவர் கூச்சத்தோடு 'பாபாய்' என்றார். அதை மைக்கில் சொன்னால் அவருக்கு எவ்வளவு சங்கடம்!

கடைசியில் கைகொடுத்த கேள்வி இதுதான்: 'பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எப்படிக் கூப்பிட்டார்?' இதைக் கேட்டதும் ஒவ்வொருவரும் யோசிக்காமல் சொன்னார்கள். அதோடு, 'இங்கே எங்களை எப்படிக் கூப்பிடச் சொல்கிறீர்கள்?' என்று இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் சைகியா தன் குடும்பப் பெயரே வேண்டாம், முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் போதும் என்றார். அதைத்தான் எழுதிக்கொண்டோம்.

பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்வோம். முதலில் சாதாரணமாக, நண்பனிடம் சொல்வது போல. பிறகு கொஞ்சம் மெதுவாக. மெதுவாகச் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டால் ஷு, ப்ரொ, தொ என்று துண்டு துண்டாகிவிடும், அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. பிறகு நான் ஒரு தடவை திருப்பிச் சொல்வேன், அவர் திருத்துவார், இன்னொரு தடவை சொல்வேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் போனால் அவர்தான் நெளிவார்.

எழுதுவதில் தமிழ் எழுத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. 'ஷுப்ரொதொ' என்று எழுதினால் நடுவில் வரும் தனித் தகரத்தை நாம் 'பாதை'யில் வருவது போல மெலிதாகச் சொல்லிவிடுவோம். அவர் சொல்வது வல்லொலி. அதனால் 'ஷுப்ரொத்தொ' என்று இரட்டித்து, பக்கத்தில் 'அழுத்த வேண்டாம்' என்று குறித்தோம். நடுவில் வரும் ப்ர எப்படி என்று காட்ட, 'சுப்ரமணியில் உள்ள ப்ர' என்று எழுதினோம். எல்லாருக்கும் வாயில் உள்ள ஒரு பெயரைக் காட்டிவிட்டால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். இதோடு மூன்று, நான்கு வினாடிக்கு அவர் குரலிலேயே ஒரு பதிவு, டோக்கன் நம்பரைப் பெயராக வைத்து. சம்மதம் கேட்டுத்தான் எடுக்கிறோம். வேண்டாம் என்றவர்களுக்கு எழுத்து மட்டும். வேலையை விட்டுப் போகும்போது அழித்துவிடுகிறோம். கேட்டில் ஒரு பிரதி, முதலுதவி அறையில் ஒரு பிரதி, லைன் லீடரிடம் ஒன்று.

வேறு அலுவலகத்தில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒலிக்கான கட்டம் தனியாக இருக்க வேண்டும். எங்களிடம் ஒரு பையன் நல்லெண்ணத்தில், ஒலி தெரிந்துவிட்டதே என்று பி.எஃப். பட்டியலில் ஆங்கில எழுத்தையே மாற்றிவிட்டான். பி.எஃப்., வங்கி, ஆதார் மூன்றிலும் எழுத்து ஒன்றுபோல இல்லாவிட்டால் நாளை பணம் எடுக்கும்போது அந்தத் தொழிலாளிதான் அலைய வேண்டும். நல்லவேளை, பட்டியல் போவதற்கு முன்பே பார்த்துவிட்டோம்.

முழுக்கச் சரியாக வருகிறதா என்றால் இல்லை. சைகியாவின் அந்தத் தொண்டை ஒலி எனக்கு இன்னும் வரவில்லை. ஷுப்ரொத்தொவுக்கு என் பெயரில் உள்ள ழகரம் வராது, கயல்விலி என்கிறார். எனக்கு அது போதும். வடக்கிலிருந்து வரும் பெரிய அதிகாரிகள் `ZH` என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு 'கயல்விஜி' என்பார்கள். நானும் வருடக் கணக்காகக் கையைத் தூக்கிவிட்டுத்தான் இருந்திருக்கிறேன். எவ்வளவு நெருங்கினால் போதும் என்பதைப் பெயருக்கு உரியவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் லைன் லீடர் ஷுப்ரொத்தொவைச் 'சுப்பு' என்று சுருக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றியும் கேட்டோம். கேன்டீனில் நண்பர்கள் கூப்பிட்டால் பிடிக்கும், மைக்கில் வேண்டாம் என்றார். அதையும் கட்டத்தில் எழுதியிருக்கிறோம். நாக்கு தவறினால் சரியான பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டு வேலையைத் தொடர வேண்டியதுதான். நீளமாக மன்னிப்புக் கேட்டால், பரவாயில்லை என்று நம்மைத் தேற்றுகிற வேலையும் அவர் தலையில் விழுகிறது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். 'சைகியா' என்று போட்டது பிழை என்று சொல்ல வரவில்லை. தமிழில் அப்படி எழுதுவது நெடுநாள் வழக்கம், அவருக்கே அதுதான் பிடித்திருக்கலாம். பேட்டி எடுத்த உங்கள் நிருபர் அவரிடம் அதைக் கேட்டாரா? இனி வெளிமாநிலத்தவரிடம் பேசப் போகிறவர்கள், நோட்டில் ஆங்கில எழுத்தை மட்டும் குறித்துக்கொண்டு வராமல், 'உங்கள் பெயரைத் தமிழில் எழுதப் போகிறோம், ஒரு தடவை சொல்லுங்கள்' என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டு வரட்டும். பேட்டியைப் பதிவு செய்யப் போனை எப்படியும் கையில் வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
கயல்விழி
ஒரகடம்