உயில் மட்டும் போதாது

ஐயா,

ஒருபால் இணையர் பலர் ஒருவர் பெயருக்கு மற்றவர் உயில் எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். உயில் இறந்த பிறகுதான் அமலுக்கு வரும். எழுதியவர் நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லாத இடத்தில், கையெழுத்துக்கு ஆஸ்பத்திரி தேடுவது பெரும்பாலும் பெற்றோரையோ உடன்பிறந்தோரையோதான். துணையை மருத்துவ முடிவுகளுக்கான பிரதிநிதியாக நியமிக்கும் தனி ஆவணம் வேண்டும். சாதாரண பொது அதிகாரப் பத்திரத்தை நம்ப முடியாது. எழுதியவர் சுயநினைவு இழந்ததுமே பல இடங்களில் அது செல்லாது. அந்த ஆவணத்தின் நகல் துணையின் கைப்பேசியிலும் இருக்கட்டும். நள்ளிரவில் பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

இன்னொன்று, உயிலில் சொத்து பெறும் துணையையே சாட்சியாக்காதீர்கள். பல நாட்டுச் சட்டங்களில் உயில் நிற்கும். அவருக்கு எழுதியது மட்டும் போய்விடும்.

- ஒரு வாசகர்