சொட்டு மேகத்தில் சிக்கிக்கொண்டது

அன்புள்ள செல்வி,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இத்தனை நாள் எழுதாததற்கான திட்டையெல்லாம் நேரில் வைத்துக்கொள். நீ படம் போடப்போகிற மழைத்துளிக் கதை பாதியில் நிற்கிறது. உன்னிடம் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கடலிலிருந்து சொட்டு என்கிற துளி வெயிலில் மேலே போய், மேகமாகி, மழையாக இறங்கி, ஆற்றோடு கடலுக்குத் திரும்ப வேண்டும். ஆனால் துளி துளியாகவே மேலே போவதில்லையே! நீரின் மூலக்கூறுகள் தனித்தனியாகப் பிரிந்து காற்றில் கலக்கின்றன. மேகத்தில் அவை கூடி உண்டாகும் துளியின் குறுக்களவு ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும், மேலெழும் காற்று அதைச் சுலபமாகத் தூக்கிவிடும். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக அப்படிப்பட்டவை பத்து லட்சம் ஒன்றுசேர வேண்டும். அந்தக் கூட்டத்தில் நம் சொட்டு எங்கே? பரிமளா டீச்சரை நீ மடக்கிய அதே கேள்விதான்!

அதனால் சொட்டு இனி துளி இல்லை, ஒரே ஒரு மூலக்கூறு. அதற்கு ஒரு தோழியும் கிடைத்துவிட்டாள், உப்பு. கடல்நீர் ஆவியாகும்போது உப்பு கீழேயே தங்கிவிடும், எனவே முதல் பக்கத்திலேயே பிரிவு. ஆனால் அலை உடைந்து நுரைக்குமிழிகள் வெடிக்கும்போது நுண்ணிய சாரல் தெறிக்கிறது. அதில் நீர் உலர்ந்துபோக, உப்புத்துகள் மட்டும் காற்றில் ஏறுகிறது. நீராவி துளியாவதற்குத் தொற்றிக்கொள்ள ஏதாவது துகள் வேண்டும். தூசி, புகையும் உதவும்தான், நம் கதையில் அது உப்பாகவே இருக்கட்டும். பிரிந்தவர்கள் மேகத்துக்குள் சந்திக்கிறார்கள்! இதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் இன்னொன்று. கடலிலிருந்து ஆவியாகும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு திரும்பவும் கடலிலேயே மழையாக விழுகிறது. ஆகவே சொட்டு முதல் தடவை நிலத்தைப் பார்க்காமலே கடலில் விழ வேண்டும். அடுத்த பயணத்தில்தான் காற்று அதை மலைப்பக்கம் தள்ளிப்போகும். ஆவியாக ஏறிய நீர் சராசரியாக ஒன்பது நாள்தான் வானத்தில் இருக்கிறது என்பதால் கதைக்குள் காலமும் கச்சிதமாக அடங்குகிறது. மண்ணுக்குள் இறங்கினால் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்ளும். அதைத் தவிர்த்து, பாறைமேல் வழியவிட்டு நேரே ஓடையில் சேர்த்துவிட்டேன்.

இப்போது உன் வேலை. வால் வைத்த துளி வரையாதே, அடியே! சின்னத் துளி உருண்டையாக இருக்கும், பெரியது விழும்போது காற்று அழுத்தி அடிப்பக்கம் தட்டையாகிவிடும். கண், வாய் உன் இஷ்டம்.

ஒரு சந்தேகம். முதல் தடவை கடலிலேயே விழுவதைப் படித்து உன் மருமகன் அழுவானா? படித்துக் காட்டிவிட்டு உடனே எழுது. அழுதால் அந்த இடத்தில் உப்பை இன்னும் ஒருமுறை பேசவிடுகிறேன்.

உன்,
கமலா