டியூப் வண்ணமும் கடற்கரை மணலும்

அன்புள்ள கயல்,

லண்டனில் கேன்வாஸைத் தாங்கும் பழைய பெட்டி ஈஸல் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டேன் என்று நீ சொன்னதில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். போனை வைக்கும் முன் ஒன்று கேட்டாயே, "இந்த ஈஸல், டியூப் வண்ணமெல்லாம் வருவதற்கு முன்னால் யாருமே வெளியில் போய் வரையவில்லையா அம்மா?" என்று. ஓவிய ஆசிரியையாக இருந்தவளிடம் அப்படிக் கேட்டுவிட்டு இரண்டு வரியில் பதில் எதிர்பார்க்கக் கூடாது.

போனார்கள். நீ இருக்கும் ஊரிலேயே, ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் 1820களில் மேகங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். ஆனால் அவை பெரும்பாலும் சின்னச் சின்னத் தாள்கள், அவருடைய சொந்தப் பயிற்சிக்கும் குறிப்புக்கும் ஆனவை. கண்காட்சிக்குப் போகும் பெரிய படத்தை வீட்டுக்குள் உட்கார்ந்துதான் முடிப்பார்கள். இந்த வழக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று வண்ணத்தை எதில் எடுத்துப் போவது என்பது.

அப்போது அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் நிரப்பி, நூலால் இறுக்கிக் கட்டி விற்பார்கள். வேண்டும்போது ஆணியால் ஒரு துளை போட்டுப் பிதுக்க வேண்டும். அப்புறம் அதே ஆணியைத் துளையில் செருகி அடைக்க வேண்டும். பயணத்தில் பை வெடித்தால் சட்டை, பெட்டி எல்லாம் பாழ். அதைவிடப் பெரிய தொல்லை காற்று. எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணம் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு இறுகுகிறது. ஒரு முறை துளை போட்டுவிட்டால் உள்ளே இருப்பது இறுகத் தொடங்கிவிடும். நாலைந்து நிறத்துக்கு மேல் வெளியே தூக்கிப் போக யாருக்கு மனசு வரும்?

இதை மாற்றியவர் ஜான் கோஃப் ராண்ட். அமெரிக்கர், முகச்சித்திரம் வரைபவர், அப்போது லண்டனில் இருந்தார். 1841இல் வெள்ளீயத்தில் செய்த, கையால் நசுக்கக்கூடிய டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். வெள்ளீயத்தின் குணத்தைக் கவனி. அமுக்கினால் அமுங்கியபடியே இருக்கும், ரப்பர் போலப் பழைய வடிவத்துக்கு எழும்பாது. எழும்பினால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளுமே! பிதுக்கப் பிதுக்க டியூபும் சுருங்குகிறது, காற்றுக்கு இடமே இல்லை. அடிப்பக்கம் திறந்திருக்கும்போதே வண்ணத்தை நிரப்பி, பிறகு மடித்து மூடிவிடுவார்கள். திருகு மூடியும் சேர்ந்ததும் வண்ணம் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. ஒரு பெட்டியில் பத்துப் பன்னிரண்டு நிறம் கொண்டுபோக முடிந்தது. அந்தக் காலத்தில்தான் விரிடியன் என்ற கண்ணைப் பறிக்கும் பச்சை, கேட்மியம் மஞ்சள் போன்ற புது நிறமிகளும் கடைக்கு வந்துகொண்டிருந்தன.

பலர் சொல்லாமல் விடுவது இன்னொன்று. கடையில் நாள்பட இருந்தால் நிறமி அடியில் தங்கி, எண்ணெய் மேலே பிரிந்துவிடும். அதைத் தடுக்க உற்பத்தியாளர்கள் கொஞ்சம் மெழுகு சேர்த்தார்கள். சில நிறங்களை மெதுவாகக் காயும் கசகசா எண்ணெயில் அரைத்தார்கள். வண்ணம் வெண்ணெய் பதத்துக்கு வந்தது. தட்டையான பிரஷ்ஷால் எடுத்துக் கேன்வாஸில் வைத்தால் வழியாமல் வைத்த இடத்தில் நிற்கும், பிரஷ் முடியின் தடமும் தெரியும். வெளியில் நின்று மாறும் ஒளியை வரைந்த பிரெஞ்சு ஓவியர்களான இம்ப்ரஷனிஸ்ட்டுகளின் அந்தத் துண்டு துண்டான தீற்றலுக்கு அவர்கள் கண்ணும் கையும் முக்கியம்தான், டியூபுக்குள் இருந்த பதமும் முக்கியம்.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை நேஷனல் காலரிக்குப் போய், அவர்களில் ஒருவரான மோனே பிரான்ஸில் வரைந்த 'ட்ரூவில் கடற்கரை'யைப் பார். 1870 கோடையில், கமீயைக் கல்யாணம் செய்துகொண்ட சில வாரங்களிலேயே வரைந்தது. குடை பிடித்த இரண்டு பெண்கள், நடுவில் ஒரு காலி நாற்காலி, அவ்வளவுதான். உயரம் சுமார் 38 செ.மீ., அகலம் 46 செ.மீ. பிரெஞ்சுக் கடைகளில் வெள்ளை பூசித் தயாராக விற்ற கேன்வாஸ்களில் 8ஆம் எண் அளவு இதுதான். கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். ட்ரூவிலுக்கு 1863இலேயே ரயிலும் வந்துவிட்டது, போய்வரவும் சுலபம். அந்தப் படத்தின் வண்ணத்துக்குள் மணல் துகள்களும் சிப்பித் துணுக்குகளும் ஒட்டியிருக்கின்றன. கடற்கரையிலேயே ஈர வண்ணத்தோடு இருந்த படம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வெள்ளை உடையின் தீற்றல்களை அருகில் போய்ப் பார். அவசரம் தெரியும், ஆனால் தடுமாற்றம் தெரியாது.

டியூப் இல்லாவிட்டால் இம்ப்ரஷனிசமே இல்லை என்று மோனேயின் நண்பரான ஓவியர் ரெனுவார் சொன்னதாக அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அது கொஞ்சம் மிகையாகவே படுகிறது. 1841க்கும் 1870க்கும் நடுவில் எத்தனை வருஷம் பார்! பொருள் வந்தவுடன் பழக்கம் மாறிவிடுவதில்லை. அளவு பெரிதானால் டியூபும் உதவாது. இதே மோனே 1866இல் 'தோட்டத்துப் பெண்கள்' என்று இரண்டரை மீட்டர் உயரப் படத்தை வெளியிலேயே முடிக்கப் பார்த்தார். மேல் பகுதி எட்டவில்லை என்று தோட்டத்தில் பள்ளம் வெட்டி, கப்பி வைத்துக் கேன்வாஸை அதற்குள் இறக்கினார். அத்தனை செய்தும் கடைசியில் உள்ளே வைத்துத்தான் முடிக்க வேண்டியிருந்தது. மறு வருஷம் பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோன் அதை ஏற்கவும் இல்லை.

உன் ஈஸலுக்கு வருவோம். பெட்டியும் தாங்கியும் ஒன்றாக, மூன்று மடக்குக் கால்களோடு இருப்பது நடக்கும்போது வசதி. நின்றபின் அதற்கு எதிரி காற்று. கேன்வாஸ் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். 1888இல் தென் பிரான்ஸின் ஆர்ல் ஊரில் மிஸ்ட்ரால் என்ற பலத்த காற்று அடித்தபோது வான்கோ என்ன செய்தார் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்: ஈஸல் கால்களை மண்ணில் ஊன்றி, பக்கத்தில் 50 செ.மீ. நீள இரும்பு முளைகளை அறைந்து, எல்லாவற்றையும் கயிற்றால் கட்டினாராம். நீ பூங்காவில் முளை அடித்தால் காவலர் விரட்டுவார். பெட்டிக்கு அடியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, கல்லோ தண்ணீர் பாட்டிலோ போட்டு வை, போதும். பூச்சியும் வரும். வான்கோவின் 'ஆலிவ் மரங்கள்' படமொன்றின் வண்ணத்தில் 2017இல் ஒரு வெட்டுக்கிளியையே கண்டுபிடித்தார்கள். சுற்றியுள்ள வண்ணத்தில் துடித்த தடம் இல்லாததால், செத்த பிறகுதான் ஒட்டியிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அப்புறம் முக்கியமாக ஒன்று. கேன்வாஸ் மேல் நேர் வெயில் விழாதபடி ஈஸலைத் திருப்பிவை, இல்லாவிட்டால் குடை பிடி. வெயிலில் எல்லா நிறமும் பளிச்சென்று தெரியும், நீயும் அறியாமலே இருட்டாகக் கலந்துவிடுவாய். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் மங்கிக் கிடக்கும். நிழலும் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே படத்தில் உட்காராதே. மிச்சத்தை மறுநாள் அதே நேரத்தில் போய் வரை.

டியூபை எப்போதும் அடியிலிருந்து மேலே சுருட்டு, நடுவில் அமுக்காதே. மூடுவதற்கு முன் கழுத்துப் புரியைத் துணியால் துடை. மூடி இறுகிவிட்டால் இடுக்கியால் முறுக்காதே, டியூப் கிழிந்துவிடும். கொஞ்ச நேரம் வெந்நீரில் பிடி, திறந்துவிடும். டைட்டானியம் வெள்ளையைப் பெரிய டியூபாகவே வாங்கிக்கொள், அதுதான் முதலில் தீரும். பணம் பத்தவில்லை என்றால் சொல்லு, அப்பாவை அனுப்பச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா