வெயிலில் தெரியாத 'ஆல்வேஸ் ஆன்' திரை குறித்த புகார்

அனுப்புநர்:
உடற்கல்வி ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஸ்மார்ட்வாட்சின் ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே வெயிலில் தெரியாததும் சார்ஜ் சீக்கிரம் தீருவதும்.

ஐயா / அம்மா,

நான்கு மாதங்களுக்கு முன்பு உங்கள் ஸ்மார்ட்வாட்சை வாங்கினேன். கையைத் தூக்காமலே நேரம் தெரியும், ஒருமுறை சார்ஜ் போட்டால் 7 நாள் வரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. இந்த இரண்டையும் நம்பித்தான் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து ஒருநாள்கூட கிடைக்கவில்லை.

என் வேலை மைதானத்தில். மாலை 4 மணி வெயிலில் பிள்ளைகள் 400 மீட்டர் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கையில் அட்டையும் பேனாவும். அடுத்த செட்டுக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று மணிக்கட்டைப் பார்த்தால் கண்ணாடியில் என் முகம்தான் தெரிகிறது. எழுத்து அங்கேதான் இருக்கிறது, ஆனால் வெயில் அதை விழுங்கிவிடுகிறது. கையால் நிழல் கொடுத்தால் மங்கலாக ஏதோ தெரியும். திரை முழுதாக எரியும்போது அதே நிழலைக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். ஒளியை அளக்கும் சென்சார் அந்தக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. கை மறைத்ததும் இருட்டிவிட்டது என்று நினைத்து அது பிரைட்னஸைக் குறைத்துவிடுகிறது.

கோளாறு எங்கே என்று நானே சோதித்துப் பார்த்தேன். இருட்டறையில் வாட்சை மேசையில் வைத்து, திரையைத் தொட்டு முழுதாக எரியவிட்டு, போன் டார்ச்சை அடித்தேன். இரண்டு நொடியில் திரை பளிச்சென்று கூடியது. சரி, சென்சார் நன்றாக இருக்கிறது. அப்புறம் திரை மங்கி ஆல்வேஸ் ஆன் நிலைக்குப் போகும்வரை காத்திருந்து, மறுபடி டார்ச்சை அடித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அந்த நிலையில் வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் திரை கண்டுகொள்வதில்லை, ஒரே மங்கல் அளவில் நிற்கிறது. அதாவது படுக்கையறைக்குப் போதுமான வெளிச்சத்தைத்தான் நண்பகல் மைதானத்திலும் தருகிறீர்கள்.

உங்கள் சேவை மையத்தில், ஆட்டோ பிரைட்னஸை அணைத்துவிட்டு நீங்களே 100 சதவீதம் வையுங்கள் என்றார்கள். செய்தேன். சார்ஜ் ஓடியதே தவிர வெயிலில் முன்பைவிடக் குறைவாகவே தெரிந்தது. ஆட்டோவில் இருக்கும்போது மட்டும்தான் வெயில் பட்டதும் அந்த 100-ஐயும் தாண்டிய வெளிச்சத்துக்கு உங்கள் வாட்ச் போகிறது. நாமே கூட்டினால் அந்த எல்லைக்கு விடுவதில்லை. திரை சூடாகாமல் இருக்க அப்படி வைத்திருக்கலாம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இது உங்கள் ஊழியருக்கே தெரியவில்லை, கையேட்டிலும் ஒரு வரி இல்லை.

சார்ஜ் கணக்கையும் எழுதி வைத்தேன். மூன்று நாளும் காலை 6 மணிக்கு 100 சதவீதம், மூன்று நாளும் ஆட்டோ பிரைட்னஸ், ஒரே மாதிரி வேலை. முதல் நாள் ஆல்வேஸ் ஆன் போட்டு, வண்ணப் படம் உள்ள முகப்பு வைத்தேன். மாலை 6 மணிக்கு 47 இருந்தது. மறுநாள் கறுப்புப் பின்னணியில் வெறும் எண்கள் மட்டும். 64 இருந்தது. இது அமோலெட் திரை. கறுப்பு இடத்தில் புள்ளிகள் எரிவதே இல்லை, எத்தனை புள்ளி எரிகிறதோ அத்தனைக்குத்தான் செலவு. மூன்றாம் நாள் அதே முகப்பு, ஆல்வேஸ் ஆன் அணைத்து, கையைத் திருப்பினால் திரை எழும்படி வைத்தேன். 86 இருந்தது.

இப்போது அந்த மூன்றாவது முறையில்தான் ஓட்டுகிறேன். திரை எழுந்ததும் ஆட்டோ பிரைட்னஸ் வெயிலுக்கு ஏற்ப கூடுகிறது, நேரம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கையைத் திருப்பும் அசைவைப் பார்த்துத்தான் வாட்ச் எழும். அட்டையைப் பிடித்தபடி மணிக்கட்டு ஏற்கெனவே என் பக்கம் திரும்பியிருந்தால் அசைவு இல்லை, திரையும் எழாது. அட்டையை இறக்கி மறுபடி தூக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் ஒரு பையன் கோட்டைத் தாண்டிவிடுகிறான். அவன் பல வாரம் உழைத்துக் குறைத்த அரை நொடியை நான் தவறவிடக் கூடாது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஆல்வேஸ் ஆன் நிலையிலும் சில நொடிக்கு ஒருமுறை சென்சாரைப் பார்த்துத் திரையைக் கூட்டிக் குறைக்கும்படி சாப்ட்வேர் அப்டேட் கொடுங்கள். அந்த வசதியை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று வைத்துக்கொள்ள செட்டிங்ஸில் இடம் கொடுங்கள். எனக்கு மாலை 4 முதல் 6 வரை போதும், இரவெல்லாம் தலையணைக்கடியில் அது எரியத் தேவையில்லை. 7 நாள் என்பது ஆல்வேஸ் ஆன் அணைத்த கணக்கா, போட்ட கணக்கா என்பதைப் பெட்டியில் தெளிவாக அச்சிடுங்கள்.

அப்டேட் தர இயலாது என்றால் வாட்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தாருங்கள். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன். ரசீது நகலும், டார்ச் சோதனையின் வீடியோவும், மூன்று நாள் சார்ஜ் அளவுகளின் படங்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்