மணப்பெண்ணின் முடியையும் கண்டாங்கியையும் மாற்றிய ஆல்பம்: புகார்

பெறுநர்: மேலாளர், திருமண ஆல்பம் பிரிவு, காரைக்குடி.

பொருள்: தனிப்படங்களை மூலக்கோப்பிலிருந்து மறுபடி செய்து தரக் கோருதல்.

ஐயா,

கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் வீட்டு வளவில் எடுத்த படங்களின் மாதிரிப் பக்கங்கள் கிடைத்தன. பெண் கூச்ச சுபாவம். கேமராவைக் கண்டாலே தலை குனிந்துவிடும். அதுவே பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இது நான் இல்லையே சித்தப்பா. அழகாத்தான் இருக்கு, ஆனா வேண்டாம். என் முடியும் அப்பத்தா சேலையும் இருந்தபடியே இருக்கட்டும்" என்றது. அந்த முடிவைத்தான் எழுதுகிறேன்.

பெண்ணுக்குச் சுருள் முடி. வளவில் வெளிச்சம் மேலிருந்து விழுவதால் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக மின்னும். உங்கள் எடிட்டர் நெற்றியோரச் சிறுமுடிகளை அழித்துவிட்டு, வகிட்டின் இருபுறமும் நேர்முடியை க்ளோன் செய்து ஒட்டியிருக்கிறார். பெரிதாக்கிப் பாருங்கள்: ஒரே கற்றை திரும்பத் திரும்ப வருகிறது. சுருளின் நிழல் மட்டும் நெற்றியில் நிற்கிறது. நிழலுக்கு உரிய முடியைக் காணோம். மல்லிகைச் சரத்தைச் சுற்றி வெளிறிய கோடு ஓடுகிறது. முடியை வெட்டியெடுக்கும்போது பின்சுவரும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும்.

சேலை இன்னும் மோசம். மஞ்சள் உடல், அரக்குக் கரை, கட்டம் போட்ட பருத்திக் கண்டாங்கி அது. உடலை ரோஜா நிறமாக்கியிருக்கிறீர்கள். ஆனால் துணியிலிருந்து தாடைக்கு அடியிலும் உள்முழங்கையிலும் பட்ட மஞ்சள் சாயல் அப்படியே இருக்கிறது. இடுப்பை லிக்விஃபை வைத்து உள்ளே தள்ளியதில் கட்டக் கோடுகள் வில்லாய் வளைந்துவிட்டன. வெற்றுப் பட்டாக இருந்தால் தப்பித்திருக்கலாம்; கண்டாங்கிக் கட்டம் படத்துக்குள்ளேயே வைத்த அடிக்கோல் மாதிரி, எங்கே இழுத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். தோலை மழுப்பும் ஃபில்டர் துணியிலும் பட்டு, நூல் இழையே தெரியவில்லை. (கேட்காத வேலைக்கு இவ்வளவு உழைப்பு!)

லேயர்களை ஒன்றாக்கிச் சேமித்த ஜேபெக்கில் இதையெல்லாம் பழையபடி ஆக்க முடியாது. ஆகவே கேமராவின் ரா கோப்பிலிருந்தே தொடங்குங்கள். வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் சரிசெய்யலாம். முகத்தில் அன்றைக்கு வந்த பருவை எடுக்கலாம், கண்ணுக்குக் குறுக்கே விழுந்த ஒற்றை முடியையும் எடுக்கலாம். லிக்விஃபையும் நிறமாற்றமும் கூடவே கூடாது.

12க்கு 36 அங்குல ஷீட் ஒன்றை மட்டும் முதலில் அச்சடித்து அனுப்புங்கள். திரையில் பார்த்து ஒப்புதல் தர மாட்டோம். அந்தந்தத் திரையில் மஞ்சள் வேறு வேறாகத் தெரியும். சேலையையே பகல் வெளிச்சத்தில் ஷீட்டுக்குப் பக்கத்தில் விரித்துப் பார்ப்போம். நிறம் ஒத்துப்போனால் மற்ற பக்கங்களை அச்சுக்கு விடலாம், பாக்கித் தொகையும் அன்றே வந்துவிடும். மறு அச்சுக்குத் தனிக் கட்டணம் தர இயலாது. ரா கோப்புகளை ஆல்பம் கைக்கு வரும்வரை அழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மணப்பெண்ணின் சித்தப்பா