காத்திருப்புக் காலத்தை மாதக் கணக்கில் எழுதாதீர்கள், தேதியாக எழுதுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மருத்துவக் காப்பீடு விற்கும் நிறுவனங்களின் மேலாளர்களுக்கு,

வணக்கம்.

பாலிசியோடு நீங்கள் தரும் வாடிக்கையாளர் தகவல் தாளைப் பற்றியது இந்த மடல். 2024 ஜனவரி 1 முதல் புதிய வடிவில் அதை ஒவ்வொரு பாலிசிதாரருக்கும் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது உங்களுக்குத் தெரியும். எது உண்டு, எது கிடையாது, எதற்கு எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்பதைச் சாதாரண மனிதர் படித்துத் தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தாள். என் தங்கை வீட்டுக்கு வந்த தாளைப் பலமுறை படித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

தங்கை பாலக்கோடு பக்கம் இருக்கிறாள். வீட்டிலேயே தையல் வேலை. கணவருக்குத் தக்காளி வியாபாரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கான வருமான வரம்பைத் தாண்டிவிட்ட குடும்பம், அதனால் சொந்தக் காசில் பாலிசி எடுத்தார்கள். 2024 ஜூன் 12 அன்று தொடங்கிய குடும்ப பாலிசி, காப்பீட்டுத் தொகை 3 லட்சம். கணவருக்குச் சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதிக் கொடுத்தார்கள். தங்கைக்கு அப்போது எந்த நோயும் இல்லை. 2025 ஜூனில் புதுப்பிக்கும்போது, ஏஜென்ட் சொன்னபடி தொகையை 5 லட்சமாக உயர்த்தினார்கள்.

இந்த ஜனவரியில் அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பைக் கட்டிகள் தெரிந்தன. ரத்தம் ஏழுக்கு இறங்கிவிட்டது, கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னார். தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பணமில்லாச் சிகிச்சைக்கு அனுப்பிய விண்ணப்பம் அன்றைக்கே மறுக்கப்பட்டு வந்தது. காரணம் என்ற இடத்தில் இருந்தது `Excl02`, அவ்வளவுதான்.

அது என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பாலிசியில் காத்திருப்பு மூன்று வகை. முதல் 30 நாள், விபத்தைத் தவிர எதற்கும் பணம் கிடையாது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குத் தனிக் காத்திருப்பு உண்டு. இப்போதைய விதிப்படி அது அதிகபட்சம் 36 மாதம், `Excl01` என்று போடுவார்கள். இந்த இரண்டும் ஓரளவுக்கு எல்லோருக்கும் தெரியும். ஏஜென்ட்டும் சொல்வார்.

மூன்றாவதுதான் `Excl02`. சில குறிப்பிட்ட நோய்களுக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்கும் பெரும்பாலும் 24 மாதம், சில பாலிசிகளில் 36 மாதம் வரை பணம் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூலம், சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று, கர்ப்பப்பை நீக்கம் என்று அந்தப் பட்டியல் போகும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். இதில் முக்கியமானது ஒன்று: அந்த நோய் பாலிசி எடுத்த பிறகு புதிதாக வந்திருந்தாலும் காத்திருப்பு பொருந்தும். பாலிசி எடுத்த நாளில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவருக்கும் இதுதான் நிலை. என் தங்கைக்கு நடந்தது அதுவே. "எனக்குத்தான் முன்னாடி ஒண்ணுமே இல்லையே அண்ணா, அப்புறம் ஏன் இல்லைங்கிறாங்க?" என்று அவள் கேட்டபோது, மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்தவரால்கூடச் சரியாக விளக்க முடியவில்லை.

மறுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. பாலிசி தொடங்கி 19 மாதம்தான் ஆகியிருந்தது, ஒப்பந்தப்படி உங்கள் பக்கம் சரி. நான் கேட்பது வேறு. அந்தத் தாளில் காத்திருப்புக் காலத்துக்கு நேரே என்ன எழுதியிருந்தது தெரியுமா? குறிப்பிட்ட நோய்களுக்கு 24 மாதம், விவரத்துக்குப் பாலிசி விதிகளைப் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. எந்தெந்த நோய் என்று இல்லை. அந்தப் பட்டியல் மின்னஞ்சலில் வந்த இன்னொரு கோப்பின் நடுவில் கிடந்தது. தங்கை மின்னஞ்சல் பார்ப்பதில்லை. அந்த முகவரியே ஏஜென்ட் உருவாக்கிக் கொடுத்தது.

அதற்கடுத்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. மறுப்பு வந்ததும் தங்கை கேட்டாள், "எப்ப வரைக்கும் பொறுத்தா பணம் வரும்னு கேளு அண்ணா, மாத்திரை போட்டுக்கிட்டு இருந்துடறேன்." ரத்தம் ஏழில் நிற்கும் பெண், தையல் மெஷினில் உட்கார்ந்தால் தலைசுற்றி எழுந்திருக்க முடியாத பெண், தன் உடம்பை ஒரு தேதி வரைக்கும் தள்ளிப்போட முடியுமா என்று கணக்குப் போட்டாள். அந்தத் தேதியைச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஏஜென்ட் 2026 ஜூன் என்றார். இலவச எண்ணில் பேசியவர், தொகையை உயர்த்தியதால் கணக்கு புதிதாகத் தொடங்கும், 2027 ஜூன் என்றார். கவுண்டரில் இருந்தவர், "பாலிசியைப் பாருங்க" என்றார்.

சரி, பார்த்தேன். பதில் இதுதான். காப்பீட்டுத் தொகையை உயர்த்தினால், உயர்த்திய பகுதிக்கு மட்டும்தான் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். பழைய 3 லட்சத்துக்கான 24 மாதம் 2026 ஜூன் 11 அன்று முடிகிறது. கூடுதலான 2 லட்சத்துக்கு 2027 ஜூன் 11. அவளுடைய செலவு 80 ஆயிரத்துக்குச் சற்று மேல், அது பழைய 3 லட்சத்துக்குள்ளேயே அடங்கும். ஆக 2026 ஜூன் 12 முதல் அவளுக்கு வழி இருந்தது. இலவச எண்ணில் சொன்னது பாதிதான் உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பினால் ஒரு பெண் இன்னும் ஒரு வருடம் காத்திருப்பாள், அல்லது வெறுத்துப்போய்ப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவாள். தவணை தேதிக்குப் பிறகு புதுப்பிக்கத் தரும் கருணைக் காலமும் கடந்து விட்டுப்போனால் அதுவரை காத்திருந்ததெல்லாம் வீண்.

கடைசியில் ஜூன் வரை பொறுக்க முடியாது, ரத்தம் இன்னும் இறங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நகையை அடகு வைத்து அறுவைச் சிகிச்சை முடிந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். காத்திருப்புக் காலத்தை மாதக் கணக்கில் எழுதுவதை நிறுத்தி, முடியும் தேதியை எழுதுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரின் பெயருக்கு நேராகவும் எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் இப்படி இருந்திருக்கலாம்: கணவரின் சர்க்கரை நோய்க்கு 3 லட்சம் வரை 2027 ஜூன் 11, கூடுதல் 2 லட்சத்துக்கு 2028 ஜூன் 11. கீழே காணும் நோய்களுக்கு இருவருக்கும் 3 லட்சம் வரை 2026 ஜூன் 11, கூடுதல் 2 லட்சத்துக்கு 2027 ஜூன் 11. அதன் கீழேயே அந்த நோய்களின் பெயர்கள், தமிழில். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாலிசி தொடங்கிய நாள் உங்கள் கணினியில் இருக்கிறது, தொகை உயர்ந்த நாளும் இருக்கிறது. விண்ணப்பத்தை மறுப்பதற்கு உங்கள் கணினி அந்தக் கணக்கை ஒரே நாளில் போட்டுவிட்டது. அதே கணக்கைப் பணம் வாங்கும் நாளில் போட்டுத் தருவதில் என்ன கஷ்டம்?

தமிழில் தாள் கேட்டால் தருவோம் என்பீர்கள். விதியும் அப்படித்தான் இருக்கிறது, பாலிசிதாரர் விரும்பினால் உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்று. ஆனால் அப்படிக் கேட்கலாம் என்று காரிமங்கலத்திலோ ஊத்தங்கரையிலோ யாரிடமாவது உங்கள் ஆட்கள் சொல்லியிருக்கிறார்களா? கையெழுத்து மட்டும் தவறாமல் வாங்குகிறீர்கள், தாளைப் பெற்றுக்கொண்டு படித்துப் புரிந்துகொண்டதாக. படிக்க முடியாத மொழியில் தந்துவிட்டு, புரிந்தது என்று கையெழுத்து வாங்குவது நியாயமில்லை. விற்க வரும்போது மட்டும் தமிழ் நன்றாக வருகிறது. மாங்கூழ் ஆலை வாசலிலும் ஓசூர் தொழிற்பேட்டையிலும் நீங்கள் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் 5 லட்சம், 10 லட்சம் என்று தமிழில்தான் பெரிதாகப் போடுகிறீர்கள். நிபந்தனை என்று வந்ததும் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறீர்கள். எங்கள் மக்கள் வட்டிக்கு வாங்கியும் பிரீமியம் கட்டுகிறார்கள், அதை நினைத்தாவது இதில் கொஞ்சம் அக்கறை காட்டியிருக்கலாம்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கு வருகிறேன். பாலிசி பத்திரம் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை பாலிசிதாரருக்கு இருக்கிறது. அந்த 30 நாளில் அவர் முடிவெடுக்க வேண்டுமானால், தேதி போட்ட தமிழ்த் தாள் பத்திரத்தோடு சேர்ந்தே வந்தாக வேண்டும். அறுவைச் சிகிச்சை மேஜைக்குப் போகும் நேரத்தில் தெரிந்து என்ன பயன்? முதல் நாளே தெரிந்திருந்தால், காத்திருப்பு குறைவான வேறு பாலிசியைத் தங்கை தேடியிருப்பாள். அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு தொகையைத் தனியாகச் சேர்த்து வைத்திருப்பாள். நகைக்குப் போயிருக்க வேண்டாம்.

ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அதே தாளைப் புதிய தேதிகளோடு தாருங்கள். தொகையை உயர்த்தச் சொல்லும் ஏஜென்ட், உயர்த்திய பகுதிக்குக் காத்திருப்பு எந்தத் தேதியில் முடியும் என்பதையும் அப்போதே எழுதிக் காட்டட்டும். இலவச எண்ணில் பேசுபவருக்கும் அதே தாள் திரையில் தெரியட்டும், ஆளுக்கொரு பதில் வராது.

தங்கையின் பாலிசி வரும் ஜூனில் மறுபடி புதுப்பிக்க வருகிறது. அவள் புதுப்பிக்கத்தான் போகிறாள், சர்க்கரை இருக்கும் கணவரை வைத்துக்கொண்டு விட முடியாது. அந்த அறிவிப்போடு தேதிகள் எழுதிய ஒரு பக்கத் தமிழ்த் தாளும் வர வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு மட்டுமல்ல, இந்த இரண்டு மாவட்டங்களிலும் உங்களிடம் பாலிசி வைத்திருக்கும் எல்லோருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாலக்கோடு பாலிசிதாரர் ஒருவரின் அண்ணன்