படகை எந்த ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் எல்லையைத் தாண்டும் மீனவர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: “மூன்று செயற்கைக்கோள்கள் மேலிருந்து படகைக் கவனித்து, அது இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் கருவிக்குத் தெரிவிக்கின்றன.” விசைப்படகுகளில் ஜிபிஎஸ் செட்டும் எக்கோ சவுண்டரும் பொருத்துவதுதான் என் தொழில். அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

எழுத்துப்பிழை என்றால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். இதழ் வந்த வாரமே ஒரு படகு டிரைவர் என்னிடம் வந்து, “அண்ணே, மேல இருந்து நம்மளப் பாத்துக்கிட்டே இருக்குன்னு புக்குலயே போட்டிருக்கு. எல்லைகிட்ட போனா செட்டை ஆஃப் பண்ணிர்றதுதான் நல்லது” என்றார். எந்த இடத்தில் அந்தக் கருவி அவருக்கு மிகவும் தேவையோ, அங்கே அதை அணைக்கப் போகிறார். இரவில் வலையை இறக்கிவிட்டுக் காத்திருக்கும்போது நீரோட்டம் படகை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. திரையில் உள்ள எண்களைப் பார்த்தால்தான் தெரியும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் படகைப் பார்ப்பதும் இல்லை, அப்படி ஒரு படகு இருப்பது அதற்குத் தெரியவும் தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, ‘இப்போது என் கடிகாரத்தில் இன்ன நேரம், என் சுற்றுப்பாதை இது’ என்று ஓயாமல் ஒலிபரப்புகிறது. அதன் வேலை அவ்வளவுதான். வீல்ஹவுஸ் மேல் காளான் மாதிரி நிற்கும் ஆன்டெனா அதை வாங்கிக்கொள்ளும், எதையும் திருப்பி அனுப்பாது. கணக்குப் போடுவது உள்ளே இருக்கும் பெட்டி. அந்த டிரைவர் கண்ணெதிரே செயற்கைக்கோள் பக்கத்தைத் திரையில் திறந்துவைத்து, ஆன்டெனாவை ஒரு அலுமினியச் சட்டியால் மூடிக் காட்டினேன். ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னலையும் காட்டும் பட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன, இடம் காட்டுவது நின்றது. சட்டியை எடுத்ததும் பட்டைகள் மறுபடி எழுந்தன. அப்புறம்தான் அவர் முகம் தெளிந்தது. படகு இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிப்பது டிரான்ஸ்பாண்டர் என்ற வேறு கருவி. அரசு பொருத்தித் தருகிற அந்தக் கருவியையும் ஜிபிஎஸ் செட்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவது இது முதல்முறையும் அல்ல. சிம் கார்டு இல்லாவிட்டால் ஜிபிஎஸ் இயங்காது என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன். அது அச்சில் வரவில்லை.

சரி, ‘மூன்று’ என்று எழுதியதற்கு வருகிறேன். செய்தி புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளின் செய்தி சுமார் 67 மில்லி நொடியில் வந்துவிடும். மூன்று தூரங்கள் தெரிந்தால் இடத்தைச் சொல்லிவிடலாம் என்பது உங்கள் கட்டுரையாளரின் கணக்கு. புறப்பட்ட நேரத்தைச் சொல்வது அணுக் கடிகாரம். வந்து சேர்ந்த நேரத்தைச் சொல்வது எது? நம் பெட்டிக்குள் இருக்கும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். அது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே தூரம் 300 மீட்டர் தவறும்.

இதைச் சின்னக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். நேர்கோட்டில் 300 கிலோமீட்டர் இடைவெளியில் அ, ஆ என்று இரண்டு ஒலிபரப்பிகள் இருக்கின்றன. இரண்டின் கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று துல்லியமாகப் பொருந்துபவை. நடுவில் எங்கோ ஒரு படகு. படகின் கடிகாரப்படி, அ-வின் செய்தி வந்துசேர 410 மைக்ரோ நொடி ஆனது, அதாவது 123 கிலோமீட்டர். ஆ-வின் செய்திக்கு 610, அதாவது 183 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 306 வருகிறது. ஆனால் மொத்த இடைவெளியே 300தான். மிச்சமுள்ள ஆறு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? ஒரே கடிகாரத்தை வைத்து இரண்டையும் அளந்ததால், தவறும் இரண்டிலும் ஒரே அளவாக, மூன்று மூன்று கிலோமீட்டராக ஏறியிருக்கிறது. அப்படியென்றால் படகின் கடிகாரம் 10 மைக்ரோ நொடி முந்தி ஓடுகிறது. அதைக் கழித்தால் அ-விலிருந்து 120, ஆ-விலிருந்து 180. படகின் இடமும் தெரிந்துவிட்டது, கடிகாரத்தின் பிழையும் தெரிந்துவிட்டது. அ மட்டும் இருந்திருந்தால் 123 என்றே நம்பியிருப்போம். தவறு என்று சொல்ல ஆள் இருந்திருக்காது.

நேர்கோட்டில் ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கவே இரண்டு தேவைப்பட்டன. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று மூன்று எண்கள் வேண்டுமென்றால் நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். நான்காவது, கடிகாரத்தின் பிழைக்காக. அது இருப்பதால்தான் அணுக் கடிகாரம் இல்லாமலே ஒரு சாதாரணப் பெட்டி இந்த வேலையைச் செய்கிறது.

கடலில் மூன்றே போதும் என்று கட்டுரையாளர் வாதிடலாம். உயரத்தைக் கடல்மட்டம் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டால் மூன்றை வைத்தே செட் இடம் காட்டும், திரையில் 3D என்பதற்குப் பதிலாக 2D என்று வரும். அப்போதும் தெரிந்த உயரம்தான் நான்காவதன் இடத்தில் நிற்கிறது. அந்த உயரம் தவறாக இருந்தால் இடமும் நகர்ந்துவிடும். நான்கு கிடைத்தாலும், அவை வானத்தில் ஒரே பக்கமாகக் குவிந்திருந்தால் சிறு நேரப் பிழைகூட இடத்தில் பெரிதாகத் தெரியும். பட்டைகளின் எண்ணிக்கையோடு, அவை எந்தெந்தத் திசையில் இருக்கின்றன என்பதையும் பாருங்கள் என்று செட் வாங்குகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

கடிகாரத்தை நம் பத்திரிகைகள் எப்போதும் இப்படித்தான் விட்டுவிடுகின்றன. ஜிபிஎஸ் போலவே இடம் காட்ட நம் நாடு ஏவிய ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோளில் இருந்த மூன்று ருபிடியம் அணுக் கடிகாரங்களும் பழுதானபோது, ‘செயற்கைக்கோள் பழுது’ என்று ஒரு வரியில் முடித்தீர்கள். செயற்கைக்கோள் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. நேரம் சொல்ல முடியாததால் இடம் காட்ட அது உதவாமல் போனது. 2023 மே மாதம் அதே வேலைக்கான என்விஎஸ்-01 செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது, அதில் நம் நாட்டிலேயே செய்த ருபிடியம் கடிகாரம் இருந்தது. எனக்கு அதுதான் தலைப்புச் செய்தி. உங்கள் இதழில் ராக்கெட்டின் படம் அரைப் பக்கத்துக்கு வந்தது, கடிகாரத்துக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல என்பதால்தான் வருத்தம் கூடுகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடம் இல்லையென்றால் இதை விட்டுவிட்டுக் கீழே உள்ள இரண்டு வரிகளை மட்டும் வெளியிட்டால் போதும்:

“ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோள்களின் நேரச் செய்தியைப் பெற்று, படகின் இடத்தைத் தானே கணக்கிடுகிறது, படகைப் பற்றி அது யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. எல்லைக்கு அருகில் அதை அணைக்க வேண்டாம்.”

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ராமேஸ்வரம்